முதல் வண்டி: கையில் 120, வண்டி விலை 100. மீதி 20 போதுமா?

புதுச்சாவி · மார்ச் 3, இரவு 9.40

இங்கே ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். அதனால் நாணயத்தைச் சொல்லப் போவதில்லை. நான் வாங்க நினைக்கும் மோட்டார் சைக்கிளின் விலைப்பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாத் தொகையும் அந்த அளவில்தான். கையில் 120 சேர்த்து வைத்திருக்கிறேன். தலைக்கவசம், ஜாக்கெட், காப்பீடு, பதிவு எல்லாவற்றுக்கும் 20 தாராளம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று மட்டும் சொல்ல மறுக்கிறார்கள்.

வண்டி கூர்மூக்கு வகை. முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் உறை, தாழ்ந்த கைப்பிடி. உரிமம் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இதற்கு முன் சொந்தமாக வண்டி இருந்ததில்லை.

எண்ணெய்ச்சட்டி · மார்ச் 3, இரவு 10.05

மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்? அதைச் சொல்லாமல் பட்ஜெட் போட முடியாது.

புதுச்சாவி · மார்ச் 3, இரவு 10.11

அய்யா, பெட்ரோல் பற்றிக் கேட்கவில்லை. வண்டி முதல் நாள் சாலையில் இறங்குவதற்குள் எவ்வளவு செலவாகும் என்றுதான் கேட்கிறேன்.

எண்ணெய்ச்சட்டி · மார்ச் 3, இரவு 10.13

முதல் நாளும் பெட்ரோல் போட வேண்டும்.

வேகத்தடை · மார்ச் 4, காலை 7.20

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வண்டி விலையில் இருபது சதவீதம் ஒதுக்கினால் எல்லாம் அடங்கும். எல்லாருக்கும் நான் இதையே சொல்கிறேன். உங்களிடம் சரியாக 20 இருக்கிறது. போய் முன்பதிவு செய்யுங்கள்.

பழையசங்கிலி · மார்ச் 4, பிற்பகல் 1.30

முன்பதிவு செய்ய வேண்டாம், பொறுங்கள்.

வேகத்தடை சொல்லும் சதவீதக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வண்டியின் விலை பாதியாகக் குறைந்தால் உங்கள் தலையின் அளவு பாதியாகக் குறைவதில்லை. தலைக்கவசம், கையுறை, காலணி, ஜாக்கெட் ஆகியவற்றின் விலைக்கும் வண்டி விலைக்கும் தொடர்பே இல்லை. விலை குறைந்த வண்டி வாங்குபவருக்கு அவை முப்பது சதவீதமாகக்கூட இருக்கலாம். பெரிய வண்டி வாங்குபவருக்கு ஐந்து சதவீதம்தான். பதிவுச் செலவு இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் வரி விலையோடு சேர்ந்து ஏறும், சில இடங்களில் ஒரே தொகை. காப்பீடு இந்த இரண்டிலும் சேராது. அது வண்டியின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. வண்டியின் வகையையும், ஓட்டுபவரின் வயதையும், எத்தனை ஆண்டாக ஓட்டுகிறார் என்பதையும், இரவில் வண்டி எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்கிறது.

ஆகவே ஒன்று செய்யுங்கள். அந்த வண்டிக்கு, உங்கள் பெயரில், உங்கள் வயதைச் சொல்லி, மூன்று காப்பீட்டு நிறுவனங்களிடம் பிரீமியம் கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை. விற்பனையாளரிடம் பதிவு, வரி, மற்ற கட்டணங்களைத் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் வாங்கிக்கொள்ளாதீர்கள். இரண்டும் வந்த பிறகு இங்கே எழுதுங்கள்.

நான் பதினாறு ஆண்டு இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்வையிடும் வேலையில் இருந்தேன். உடைந்த வண்டிகளைப் பார்த்தே தலை நரைத்தவன். அந்த அளவில் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சாவி · மார்ச் 7, இரவு 11.50

கேட்டேன். தூக்கம் போய்விட்டது.

வரியும் பதிவும்: 11
எண் பலகை, ஆவணக் கட்டணம், ‘கையாளும் கட்டணம்’: 3
முழுக் காப்பீடு, முதல் ஆண்டு: 14 (மூன்றில் குறைந்தது இது, மற்றொன்று 17)

ஆக 28. இன்னும் தலைக்கவசமே வாங்கவில்லை. அதற்குள் என் 20 போய், 8 கடன்.

கடையில் போய் உடுப்புகளையும் பார்த்தேன். எனக்குப் பொருந்திய தலைக்கவசம் 5, ஜாக்கெட் 6, கையுறை 2, கணுக்காலை மூடும் பூட்ஸ் 5. பூட்டு, சங்கிலி எண்ணெய், சில்லறை 2. இது 20. முழுக் கணக்கு 148.

நண்பர்கள் ஏன் சிரித்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

வேகத்தடை · மார்ச் 8, காலை 6.55

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுங்கள். சட்டத்துக்கு அது போதும். 14 என்பது 4 ஆகிவிடும். ஜாக்கெட்டை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. காப்பீட்டை அப்பா பெயரில் எடுங்கள். அவர் முப்பது ஆண்டாக ஓட்டுகிறார் என்றால் பிரீமியம் பாதி.

பழையசங்கிலி · மார்ச் 8, காலை 9.15

வேகத்தடை, முதல் யோசனை பாதி சரி. இரண்டாவது யோசனையால் வாழ்க்கையில் தொலைந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நபர் காப்பீடு நீங்கள் இடித்த ஆளுக்கும் அவர் பொருளுக்கும் பணம் கொடுக்கும். உங்கள் வண்டி உடைந்தாலும் திருடு போனாலும் ஒரு காசும் வராது. பத்தாண்டு ஓடிய வண்டியை மொத்தப் பணம் கொடுத்து வாங்கியவருக்கு அது நியாயமான தேர்வு, ஏனென்றால் வண்டி போனால் போவது சிறிய தொகை. புதுச்சாவியிடம் இருக்கும் மொத்தச் சேமிப்பும் அந்த வண்டிதான். வண்டி கடனில் வந்தால் பேச்சே இல்லை. பணம் கொடுத்தவர்கள் முழுக் காப்பீட்டைக் கட்டாயமாகக் கேட்பார்கள்.

அப்பா விஷயம். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. பெரும்பாலும் ஓட்டப்போவது யார் என்பது வேறு கேள்வி. விண்ணப்பத்தில் இரண்டாவதையும் கேட்கும் இடங்களில், நாள்தோறும் மகன் ஓட்டும் வண்டிக்கு அப்பாவை முதன்மை ஓட்டுநர் என்று எழுதினால் அது பொய்த் தகவல். பிரீமியம் வாங்கும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். விபத்து நடந்த பிறகு வருவோம். நான் வந்து என்ன கேட்பேன் தெரியுமா? “வேலைக்கு எதில் போகிறீர்கள்?” அவ்வளவுதான். வண்டி நிற்கும் இடம், அண்டை வீட்டார், ஓடிய தூரம், எல்லாம் சேர்ந்து உண்மையைச் சொல்லிவிடும். கோரிக்கை நிராகரிக்கப்படும். அடுத்த முறை காப்பீடு எடுக்கப் போகும்போது “முன்பு எப்போதாவது மறுக்கப்பட்டதா?” என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டியிருக்கும்.

வேகத்தடை · மார்ச் 8, காலை 9.40

என் மாமா பன்னிரண்டு ஆண்டாக அப்படித்தான் வைத்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை.

பழையசங்கிலி · மார்ச் 8, காலை 9.44

பன்னிரண்டு ஆண்டும் இழப்பீடு கேட்டிருக்க மாட்டார். காப்பீடு இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே இன்னும் தெரியாது.

மழைக்கோட்டு · மார்ச் 8, மாலை 5.10

தலைக்கவசத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், என் பணம் போன கதை. முதல் தலைக்கவசத்தை இணையத்தில் பாதி விலையில் வாங்கினேன். தலையை அளந்துதான் வாங்கினேன். புருவத்துக்குச் சற்று மேலே, பின்னால் தலை அதிகம் புடைத்த இடம் வழியாக நாடா சுற்றினால் 56 சென்டிமீட்டர். அட்டவணைப்படி சரியான அளவு. வந்ததைப் போட்டால் நெற்றியில் ஆணி அடிப்பது போல இருந்தது, பக்கவாட்டில் விரல் நுழைந்தது. சுற்றளவு ஒன்றுதான், ஆனால் என் தலை முன்பின்னாக நீளம், அந்தக் கவசம் உருண்டைத் தலைக்குச் செய்தது. நாடா அதைச் சொல்லாது. அரை மணிக்கு மேல் போட முடியாமல் அது அலமாரியில் கிடக்கிறது. பிறகு கடைக்குப் போய் முழு விலைக்கு இன்னொன்று வாங்கினேன். ஆக, பாதி விலைத் தலைக்கவசத்துக்கு நான் கொடுத்தது ஒன்றரை மடங்கு.

இன்னொன்று, கொண்டை போட்டுக்கொண்டு அளவு பார்க்காதீர்கள். தாழ்வாகப் பின்னிவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் கொண்டைக்காக ஓர் அளவு பெரிதாகத் தரப் பார்த்தார்.

புதுச்சாவி · மார்ச் 9, இரவு 8.30

மழைக்கோட்டு சொன்னதைப் படித்ததும் நான் பார்த்துவைத்த 5 விலைக் கவசத்தைப் போய் மறுபடி போட்டுப் பார்த்தேன். கடையில் இருபது நிமிடம் அதோடு நடந்தேன். விற்பவர் முதலில் சிரித்தார், பிறகு பழகிக்கொண்டார். கழற்றியபோது நெற்றியில் சிவப்புக் கோடு இல்லை. ஆனால் கவசத்தைப் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் கன்னத்துத் தோல் அசையாமல் கவசம் மட்டும் திரும்பியது. ஓர் அளவு சிறியதைப் போட்டேன். கன்னம் பிதுங்கி, பேசினால் வாயின் உட்புறம் கடிபடுகிறது. எது சரி?

பழையசங்கிலி · மார்ச் 9, இரவு 9.05

சிறியது. கன்னத்துப் பஞ்சு சில வாரங்களில் அமுங்கிக் கொடுக்கும். நெற்றிப் பக்கம் அழுத்தம் இருந்தால்தான் விட்டுவிட வேண்டும், அது அமுங்காது. கவசத்தோடு தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பிறகு வாரை மாட்டிக்கொண்டு, பின்விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாகத் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது உங்களுடையது அல்ல.

விலை கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்து 5-ஐ 9 ஆக்க வேண்டாம். பிரிட்டன் அரசின் ஷார்ப் திட்டம் தலைக்கவசங்களை வாங்கிச் சோதித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. மலிவானவை சில ஐந்து வாங்கியிருக்கின்றன, விலை உயர்ந்தவை சில குறைவாக வாங்கியிருக்கின்றன. கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் எடைக்குறைவு, காற்றோட்டம், சத்தக்குறைவு, கழற்றித் துவைக்கும் உள்துணி. நீண்ட பயணத்தில் அவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அவை வசதிகள்.

பார்க்க வேண்டியது வாரில் தைத்திருக்கும் சீட்டு. ஐரோப்பிய விதிப்படி சோதித்ததென்றால் வட்டத்துக்குள் E என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிப்பது, மதிப்பெண் அல்ல. அதன் கீழ் வரும் வரிசை எண் 06 என்று தொடங்கினால் புதிய விதி. பழைய 05 விதியை விட இதில் இடிக்கும் வேகங்கள் கூடுதல், தலை சுழலும்படி சாய்வாக இடிக்கும் சோதனையும் உண்டு. தாடை தூக்கும் வகை என்றால் சீட்டில் ‘P’யும் ‘J’யும் சேர்ந்து இருக்கிறதா பாருங்கள். ‘J’ மட்டும் என்றால் தாடைப் பகுதி வெறும் அலங்காரம். உங்கள் நாட்டு விதி வேறு முத்திரையைக் கேட்டால் அது கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

வேகத்தடை · மார்ச் 10, காலை 7.05

ஐந்து ஆண்டு ஆனால் தலைக்கவசம் காலாவதி. ஒருமுறை கீழே விழுந்தாலே தூக்கி எறிய வேண்டும். ஆகவே ஆண்டுக்கு ஒரு பங்கு என்று அதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

மழைக்கோட்டு · மார்ச் 10, காலை 8.20

மேசையிலிருந்து என் கவசம் மூன்று முறை விழுந்திருக்கிறது. மூன்று கவசமா வாங்குவேன்?

பழையசங்கிலி · மார்ச் 10, நண்பகல் 12.00

உள்ளே தெர்மாகோல் மாதிரி ஒரு நுரை இருக்கிறதே, அது ஒருமுறை நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. தலை உள்ளிருந்து மோதும்போதுதான் அது நசுங்குகிறது. நசுங்கியது திரும்ப எழாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. அதனால்தான் விபத்தில் அடிபட்டதையும், பிறர் பயன்படுத்தியதையும் வாங்கக் கூடாது. வெறும் கவசம் மேசையிலிருந்து விழுந்தால் உள்ளே மோதுவதற்குத் தலை இல்லை, நுரைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்து ஆண்டு என்பது பல தயாரிப்பாளர்கள் கொடுக்கும் பரிந்துரை. வியர்வை, எண்ணெய், வெயில், பசை இற்றுப்போவது, பஞ்சு தளர்வது எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட எல்லை. ஐந்தாம் ஆண்டின் கடைசி இரவில் அது பூசணிக்காயாக மாறிவிடாது. ஆனால் கணக்கில் வைப்பது நல்லதுதான், வேகத்தடை அதில் சரி.

வேகத்தடை · மார்ச் 10, நண்பகல் 12.10

முதல் முறையாக.

புதுச்சாவி · மார்ச் 12, இரவு 10.20

ஒரு தவறைத் திருத்துகிறேன். 7-ஆம் தேதிக் குறிப்பில் ஜாக்கெட் 6 என்று எழுதியிருந்தேன். அது முழுக் கணக்கு இல்லை. இன்று முதுகுப் பக்கத்துப் பையைத் திறந்து பார்த்தேன். தோளிலும் முழங்கையிலும் அசல் காப்புப் பட்டை இருக்கிறது, சான்று எண்ணும் அச்சாகியிருக்கிறது. முதுகில் மட்டும் சோபாவில் கிழித்து எடுத்தது போல ஒரு மெல்லிய பஞ்சு. எந்த எண்ணும் இல்லை. விற்பவரைக் கேட்டால், “அது வடிவத்துக்காக” என்றார். உண்மையான முதுகுக் காப்பு தனியாக வாங்க வேண்டுமாம். இன்னும் 1.

பழையசங்கிலி · மார்ச் 12, இரவு 10.45

பெரும்பாலான ஜாக்கெட்டுகளில் இதே கதைதான். முதுகுக் காப்பில் இஎன் 1621-2 என்று இருக்க வேண்டும். நிலை 1, நிலை 2 என்று இரண்டு உண்டு. சோதனையில் அடிக்கும் விசையில் மறுபக்கம் வந்து சேர்வது நிலை 1-இல் சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள், நிலை 2-இல் 9-க்குள். விலை வித்தியாசம் சொற்பம், இரண்டாவதை எடுங்கள். ஜாக்கெட் துணிக்கு வேறு தரம். ‘ஏஏஏ’ முதல் ‘சி’ வரை வகுப்பு உண்டு. ‘பி’ என்றால் துணி ‘ஏ’ போலவே தேயும், ஆனால் மோதல் காப்பு கிடையாது. ‘சி’ என்றால் காப்பு மட்டும், துணி தேய்மானத்துக்கு அல்ல. முதல் வண்டிக்கு ‘ஏஏ’ போதும், ‘ஏ’ கிடைத்தாலும் பரவாயில்லை.

எண்ணெய்ச்சட்டி · மார்ச் 13, காலை 6.30

இவ்வளவையும் போட்டுக்கொண்டு ஏறினால் மைலேஜ் குறையும்.

புதுச்சாவி · மார்ச் 15, பிற்பகல் 3.00

இரண்டு நாளாக யோசித்ததை எழுதுகிறேன். நான் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தேன். 120-இல் 100-ஐ வண்டிக்குக் கொடுத்துவிட்டு, மீதிக்குள் எல்லாவற்றையும் திணிக்கப் பார்த்தேன். தள்ளிப்போட முடிந்தவை எவை என்று பார்த்தால், வண்டியைத் தவிர எதுவுமே இல்லை. காப்பீட்டுச் சான்று இல்லாமல் பதிவு நடக்காது. பதிவு இல்லாமல் எண் பலகை கிடையாது. சேசிஸ் எண் ஒதுக்கிய அன்றே காப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று விற்பனையாளர் சொல்கிறார். ஆக, வண்டி கைக்கு வருவதற்கு முன்பே இந்த 28 போய்விடுகிறது. கவசமும் கையுறையும் வீட்டுக்கு ஓட்டிவரும் அந்த முதல் பயணத்துக்கே வேண்டும். என் வாழ்க்கையிலேயே நான் மிக மோசமாக ஓட்டப்போகும் நாள் அதுதான்.

எனவே முதலில் உடுப்பு, காகிதம் எல்லாம் போக மீதி என்னவோ அதுவே வண்டியின் விலை. அதற்குள் வரும் வண்டியைத் தேட வேண்டும்.

அதே எஞ்சின், அதே நிறுவனம், பிளாஸ்டிக் உறை இல்லாத நேர்க் கைப்பிடி வண்டி ஒன்று இருக்கிறது. விலை 84. அதற்குப் பிரீமியம் கேட்டேன். 8.

எஞ்சின் ஒன்று, ஆள் ஒன்று, வீடு ஒன்று. 14 எப்படி 8 ஆனது?

பழையசங்கிலி · மார்ச் 15, பிற்பகல் 3.40

இரண்டு காரணம். நின்ற இடத்தில் சாய்ந்தால்கூட உறை உள்ள வண்டியில் ஒரு பக்கத்துப் பிளாஸ்டிக் முழுதும் போகும். நேர்க் கைப்பிடி வண்டியில் கண்ணாடியும் பிரேக் நெம்புகோலும் சைகை விளக்கும் போகும். இரண்டு கடைச் சீட்டுகளையும் நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது, அந்த வகை வண்டியை வாங்குபவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள், திருடர்களுக்கு எது பிடிக்கும் என்பதெல்லாம் நிறுவனத்தின் பழைய கணக்கில் இருக்கிறது. நீங்கள் மெதுவாக ஓட்டுபவர் என்று அவர்களுக்குத் தெரியாது.

புதுச்சாவி · மார்ச் 16, இரவு 9.15

புதுக் கணக்கு:

வண்டி 84
வரியும் பதிவும் 9
காப்பீடு 8
எண் பலகையும் ஆவணமும் 1 (‘கையாளும் கட்டணம்’ என்ன கையாள்வதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை. நீக்கிவிட்டார்கள்.)

ஆக 102. மீதி 18-இல் தலைக்கவசம் 5, கையுறை 2, பூட்ஸ் 4, போன பருவத்து நிறத்தில் ஜாக்கெட் 4, முதுகுக் காப்பு 1, பூட்டு 1. மொத்தம் 119. ஒன்று மிச்சம். எண்ணெய்ச்சட்டிக்காக அதைப் பெட்ரோலுக்கு வைக்கிறேன்.

பழையசங்கிலி · மார்ச் 16, இரவு 9.50

காப்பீட்டுச் சீட்டில் உங்கள் சொந்தப் பங்கு எவ்வளவு? இழப்பீடு கேட்டால் முதலில் நீங்கள் போட வேண்டிய தொகை.

புதுச்சாவி · மார்ச் 16, இரவு 10.02

3. அதை 7 ஆக உயர்த்தினால் பிரீமியம் 8-லிருந்து 6.5 ஆகும் என்று போட்டிருக்கிறது. உயர்த்தலாம் என்று இருக்கிறேன்.

மழைக்கோட்டு · மார்ச் 17, காலை 7.45

உயர்த்துங்கள். புதிதாக ஓட்டும்போது விழுவது எல்லாம் சின்னச் சின்ன விழுதல்கள். என் நெம்புகோல் உடைந்ததற்கும் கண்ணாடி உடைந்ததற்கும் இழப்பீடு கேட்கவே இல்லை. கேட்டால் அடுத்த ஆண்டுத் தள்ளுபடி போய்விடும்.

பழையசங்கிலி · மார்ச் 17, காலை 10.30

மழைக்கோட்டு சொல்வது சின்ன விழுதலுக்குச் சரி. சொந்தப் பங்கு 3 ஆனாலும் 7 ஆனாலும் அந்தச் செலவு உங்கள் பையிலிருந்துதான். பெரிய இழப்பில்தான் இரண்டும் வேறுபடும். ஆண்டுக்கு 1.5 மிச்சம், ஒரு பெரிய விபத்து அல்லது திருட்டு என்றால் 4 கூடுதலாகப் போகும். இரண்டரை ஆண்டுக்கு மேல் ஒன்றும் நடக்காமல் இருந்தால் லாபம். அது சூதாட்டக் கணக்கு, யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான் கேட்பது வேறு. உங்கள் கணக்கில் மிச்சம் 1. நாளையே வண்டி திருடு போனால் அந்த 3-ஐக் கொண்டுவர முடியுமா? 7-ஐ? கொண்டுவர முடியாத தொகையைச் சொந்தப் பங்காக எழுதிக் கொடுத்தால் பழுதுபார்க்கும் கடையிலேயே வண்டி நிற்கும். நான் அப்படி நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், மேலே தூசி ஒரு விரல் கனம். சொந்தப் பங்கும் ஒரு செலவு. செலவாகாமல் வங்கியில் கிடக்க வேண்டிய செலவு.

புதுச்சாவி · மார்ச் 17, இரவு 11.30

இதைப் படித்துவிட்டுக் கோபம்தான் வந்தது. ஒவ்வொரு முறை கணக்கு முடிந்தது என்று நினைக்கும்போதும் ஒரு வரி கூடுகிறது. ஆனால் அவர் சொல்வது சரி. 3-ஐ 3-ஆகவே வைத்திருக்கிறேன். கையில் இருப்பது 1. இன்னும் 2 சேர இரண்டு மாதம் ஆகும். பூட்ஸை விட்டுவிட்டால் இப்போதே வாங்கலாம்.

வேகத்தடை · மார்ச் 18, காலை 6.40

பூட்ஸை விடுங்கள். சாதாரணக் காலணி போதும். ஜாக்கெட்தான் முக்கியம்.

பழையசங்கிலி · மார்ச் 18, காலை 9.00

ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 921 விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்வில் காயங்களில் அதிகம் பட்டது கால்களில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வண்டி பக்கவாட்டில் சாயும்போது அடியில் மாட்டுவது கணுக்கால். என்னைக் கேட்டால் ஜாக்கெட்டைத் தள்ளிப்போட்டு பூட்ஸை வாங்குவேன்.

மழைக்கோட்டு · மார்ச் 18, காலை 9.25

நான் ஜாக்கெட் பக்கம். முழங்கை தேய்ந்து ஐந்து வாரம் கையை மடக்க முடியாமல் இருந்தேன். கணுக்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆய்வு என் முழங்கையைக் கேட்கவில்லை.

வேகத்தடை · மார்ச் 18, காலை 9.30

பார்த்தீர்களா.

புதுச்சாவி · மே 21, இரவு 8.00

இரண்டு மாதம் பொறுத்தேன். இரண்டையும் வாங்கினேன்.

நேற்று வண்டி வந்தது. ஒப்படைக்கும்போது விலைச்சீட்டில் ‘வண்ணப் பூச்சுப் பாதுகாப்பு’ என்று 1.5-க்கு ஒரு புது வரி முளைத்திருந்தது. மார்ச்சில் வரி வரியாக எழுதி வாங்கிய தாளைக் காட்டினேன். அடித்துவிட்டார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் கொடுத்திருப்பேன், அந்த நேரத்தில் சாவியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. காப்பீட்டுச் சீட்டில் சேசிஸ் எண்ணை வண்டியின் கழுத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. அங்கேயே திருத்தி வாங்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

பழையசங்கிலி · மே 21, இரவு 8.20

அந்த ஒன்றரை மணி நேரம் நல்ல முதலீடு. எண் தவறிய சீட்டோடு இழப்பீடு கேட்டு அலைந்தவர்களுக்கு மாதங்கள் போயிருக்கின்றன. கால்சட்டை?

புதுச்சாவி · மே 21, இரவு 8.31

சாதாரண ஜீன்ஸ்தான். தெரியும், சொல்ல வேண்டாம். அது அடுத்த சேமிப்பில்.

இன்று காலை வீட்டு வாசலில் நிறுத்தும்போது பக்கத்தாங்கியைச் சரியாக இறக்காமல் வண்டியைச் சாய்த்துவிட்டேன். வலது காலை இழுப்பதற்குள் வண்டி இடப்பக்கம் போய்விட்டது, இடக் கால் அடியில். பூட்ஸில் ஒரு கீறல். கிளட்ச் நெம்புகோலின் நுனி போய்விட்டது. விலை 0.4.

மழைக்கோட்டு · மே 21, இரவு 8.33

முழங்கை?

புதுச்சாவி · மே 21, இரவு 8.35

ஜாக்கெட் வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முழங்கையில் பத்துக்காசு அளவுக்குத் தோல் போயிருக்கிறது.

எண்ணெய்ச்சட்டி · மே 22, காலை 6.10

இப்போதாவது சொல்லுங்கள், எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது?